படம் விற்கும் குறிப்பில் வெளியளவையும் எழுதுங்கள்

சட்டம் போட்ட படத்தை விற்கும்போது, குறிப்பில் படத்தின் அளவோடு சட்டத்தின் வெளியளவையும் செ.மீ.யில் சேர்த்துவிடுங்கள். "12 x 18 அங்குலம்" என்று மட்டும் போட்டால், வாங்குபவர் சுவரில் அவ்வளவுதான் இடம் பிடிக்கும் என்று நினைப்பார். அது சுமார் 30 x 45 செ.மீ. சுற்றிலும் 5 செ.மீ. ஓர அட்டை, 2 செ.மீ. மரச்சட்டம் சேர்ந்தால் 44 x 59 ஆகிவிடும். வீவக வீட்டில் சோபாவுக்கு மேலே தொங்கவிட அளந்து பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. அனுப்பும் பெட்டியும் வெளியளவை வைத்துத்தானே!

இப்படி எழுதலாம்:

"படம் 30 x 45 செ.மீ., சட்டத்தோடு 44 x 59 செ.மீ. பளபளப்பில்லாத பருத்திக் காகிதம், ச.மீட்டருக்கு 300 கிராம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓர அட்டை உண்டு. சட்டம் போட்டது தீவு முழுக்க நேரில் கொண்டுவந்து தரப்படும். காகிதம் மட்டும் என்றால் குழாயில் சுருட்டி அஞ்சலில் வரும்."

ஓர அட்டையைச் சொல்லாமல் விடாதீர்கள். நம்மூர் ஈரப்பதத்தில் கண்ணாடியை நேராகத் தொடும் படம், அதுவும் பளபளப்புக் காகிதம் என்றால், காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மையும் கூடவே வரும்.

காகிதம் மட்டும் விற்பவருக்கு வெளியளவு தேவையில்லை. ஆனால் சுற்றிலும் விட்ட வெள்ளை ஓரம் அந்த அளவுக்குள் சேர்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுங்கள், சட்டம் வாங்கப் போகிறவர் அதைத்தான் கேட்பார். கேன்வாஸுக்குக் கண்ணாடி கிடையாது, ஓர அட்டைப் பேச்சும் வேண்டாம்.