தாய்ப்பால் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு: அரை மி.லி.யா, ஒரு மி.லி.யா, ஒரே சொட்டா?

மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணின் அம்மா டாக்டர் சீட்டை நீட்டும்போது பெரும்பாலும் ஒரு கேள்வியும் கூடவே வரும்: “ஏந்தம்பி, தெனம் காலையில வெயில்லதான் புள்ளையைக் காட்டுறோம், இது வேற எதுக்கு?” நியாயமான கேள்விதான். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

ஆனால் நாம் காட்டுவது இளவெயில். காலை ஏழு மணிக்குக் களத்தில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் உங்களைவிடப் பல மடங்கு நீண்டு கிடக்கும். சூரியன் அந்த அளவுக்குச் சாய்ந்திருக்கும்போது, தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் ஓசோன் படலத்துக்குள் நெடுந்தூரம் கடந்து வரவேண்டும். பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிடும். குழந்தைக்குக் கதகதப்பு கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. நிழல் நம்மைவிடக் குட்டையாகும் நேரத்தில், சுமாராகப் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள்தான், அந்தக் கதிர் போதிய அளவு வரும். அந்த நேரத்துச் சித்திரை வெயிலில் பச்சைக்குழந்தையைக் கிடத்த முடியுமா? ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் வைக்கவே கூடாது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. மாநிறத் தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, தாய்ப்பாலில் இருக்காதா? இருக்கும், கொஞ்சம். குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 ஐ.யூ. வேண்டும். வைட்டமின் டி-யை அளக்கும் அலகு ஐ.யூ.; 400 ஐ.யூ. என்பது 10 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இருப்பதோ பொதுவாக 20 முதல் 80 ஐ.யூ. வரைதான். குழந்தை குடிப்பது முக்கால் லிட்டர் என்றால், நல்ல கணக்கில் பார்த்தாலும் 60-ஐத் தாண்டாது. இது பாலின் குறை இல்லை. அம்மாவின் உடம்பில் சேமிப்பாக இருக்கும் வைட்டமின் டி பாலுக்குள் அதிகம் போவதில்லை. அன்றன்றைக்கு ரத்தத்தில் புதிதாக வருவதுதான் போகும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பால் கொடுக்கும் அம்மாவுக்கு அதுவும் குறைவு. கருவில் இருந்தபோது குழந்தை வாங்கிக்கொண்ட சேமிப்பு சில வாரங்களிலேயே கரையத் தொடங்கிவிடும்.

இனி கொடுக்கும் முறை.

1. பாட்டிலில் இந்த ஒரு வரியைத் தேடுங்கள்

தப்பு நடப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். லேபிளில் “ஒவ்வொரு மி.லி.யிலும்” என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். 400 ஐ.யூ. என்றிருந்தால் ஒரு மி.லி. கொடுக்க வேண்டும். 800 ஐ.யூ. என்றிருந்தால் அரை மி.லி. போதும். நம் கடைகளில் இரண்டும் கிடைக்கும், இரண்டு அட்டைப்பெட்டியும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். போன முறை வாங்கியதும் இந்த முறை வாங்கியதும் வேறு வேறு கம்பெனி என்றால், பழைய அளவை அப்படியே தொடராதீர்கள்.

ஒரு வீட்டில் நடந்தது. 800 ஐ.யூ. மருந்து, 15 மி.லி. பாட்டில், டாக்டர் எழுதியது தினம் அரை மி.லி. அந்தக் கணக்குக்கு 30 நாள் வரவேண்டும். பாட்டி பதினைந்தாம் நாளே காலி பாட்டிலோடு வந்து நின்றார். ஃபில்லரை மேல் கோடு வரை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அதாவது நாளுக்கு 800. முதல் ஆறு மாதத்துக்கு மேல் வரம்பு நாளைக்கு 1000 ஐ.யூ. என்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடச் சொன்னேன். பாட்டில் சீக்கிரம் தீர்ந்தால் அளவு கூடுகிறது, தீராமல் நின்றால் விட்டுப்போகிறது. பாட்டிலைத் திறந்த அன்று தேதியை லேபிளிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த மாமா ஒரு குட்டி பாட்டில் கொண்டுவந்தார். மொத்தமே 2.5 மி.லி., அதில் 90 சொட்டு, ஒவ்வொரு சொட்டிலும் 400 ஐ.யூ. பழக்கத்தில் பழைய ஃபில்லரை அதற்குள் விட்டு அரை மி.லி. எடுத்தால் 18 சொட்டு, 7200 ஐ.யூ. நல்லவேளை, கொடுப்பதற்கு முன்னால் கேட்க வந்தார்கள். இந்த மாதிரி அளவுக் குழப்பத்தைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2010-ல் எச்சரித்திருக்கிறது. ஒரு பாட்டிலின் ஃபில்லரை இன்னொரு பாட்டிலுக்குப் போடவே கூடாது. பெரியவர்களுக்கு வாரம் ஒன்றாக எழுதித்தரும் 60,000 ஐ.யூ. திரவக் குப்பியையும் குழந்தை மருந்து இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள்.

2. எப்படிக் கொடுப்பது

கையைக் கழுவிக்கொள்ளுங்கள். ஃபில்லரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, குமிழி இல்லாமல் கோடு வரை இழுங்கள். குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தி, கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். ஒற்றைச் சொட்டு மருந்தென்றால் மார்க்காம்பில் விட்டுக் குடிக்கவைக்கலாம்.

சங்கிலோ பாலாடையிலோ பாலோடு கலந்து புகட்டுவது நம் வீடுகளில் வழக்கம். இந்த மருந்துக்கு அது சரிவராது. கடைசியில் விளிம்பில் எண்ணெய் மாதிரி ஒட்டி நிற்கிறதே, மருந்தில் ஒரு பகுதி அதில் போய்விடும்.

“ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்னு சொன்னாங்களே?” என்று தயங்குவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கத்திலேயே வைட்டமின் சொட்டுகளுக்கு அனுமதி உண்டு. தண்ணீருக்கும் சர்க்கரைத் தண்ணீருக்கும்தான் இல்லை.

ஒரு நாள் மறந்துவிட்டால் விட்டுவிடுங்கள், மறுநாள் இரட்டிப்பாக வேண்டாம். குளிப்பாட்டிய பிறகு என்று நேரம் வைத்துக்கொண்டால் மறக்காது.

3. எதுவரை

பிறந்த முதல் சில நாட்களிலேயே தொடங்கி, முதல் பிறந்தநாள் வரை தினமும். ஆறாம் மாதம் கூழும் இட்லியும் தொடங்கியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கேழ்வரகுக் கூழில் கால்சியம் உண்டு, வைட்டமின் டி கிடையாது. ஒரு வயதுக்கு மேல் தேவை 600 ஐ.யூ.; ஓடியாடும் பிள்ளைக்கு வெயிலும் சாப்பாடும் கொஞ்சம் கைகொடுக்கும். சொட்டைத் தொடரலாமா என்று அப்போது டாக்டரைக் கேளுங்கள்.

குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பால்பவுடர் பால் நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கும் குழந்தைக்குத் தனியாகச் சொட்டு பொதுவாகத் தேவைப்படாது. வேறு மல்டிவைட்டமின் சொட்டும் எழுதியிருந்தால், அதிலும் வைட்டமின் டி இருக்கிறதா என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

4. எப்போது டாக்டரிடம் ஓடவேண்டும்

அளவு பல நாள் மிகையாகப் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். பால் குடிக்க மறுப்பது, வாந்தி, மலச்சிக்கல், வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீர், சோர்ந்து கிடப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். பாட்டிலையும் ஃபில்லரையும் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை டாக்டர் அதைப் பார்த்தே கணக்கிடுவார்.

குறைந்தால் வேறு மாதிரி. சின்னக் குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமல் வலிப்பு வரலாம். அதற்கு உடனே ஆஸ்பத்திரி. மற்றவை மெதுவாகத் தெரியும்: உச்சிக்குழி மூடத் தாமதமாகும், மணிக்கட்டு புடைத்தாற்போல் இருக்கும், நடக்கத் தொடங்கியதும் கால் வில்லாக வளையும். “தாத்தா மாதிரி வளைஞ்ச கால்” என்று சிரித்துவிட்டுப் போகாமல் ஒருமுறை காட்டிவிடுங்கள்.