முரசில் இரத்தம் வந்தால்: வீக்கமா, எலும்பு அரிப்பா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி

பரந்தன் பக்கம் வயல் செய்யும் அண்ணை ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். மகளுக்கு 19 வயது, பல் துலக்கினால் துப்புவதெல்லாம் சிவப்பு, பயந்துபோய் இருந்தாள். அவருக்கு 46 வயது. "எனக்கும் இடைக்கிடை வரும் டொக்டர், அது வெத்திலைச் சாயம்" என்றார். இரண்டு பேரையும் பார்த்து முடித்தபோது, நிறைய இரத்தம் வந்த மகளுக்கு இருந்தது முழுசாக மாறிவிடும் வீக்கம். கொஞ்சமாக வந்த தகப்பனுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போயிருந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

இரத்தத்தின் அளவை வைத்து எது எது என்று சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும். அந்த அளவை எப்படி எடுப்போம், அதை எப்படி வாசிப்பது, பிறகு என்ன செய்வோம் என்று அதே வரிசையில் போகலாம்.

முதலில், இரண்டும் என்ன

பல்லும் முரசும் சேரும் ஓரத்தில் கிருமிகள் ஒரு வழுவழுப்பான படலமாகப் படியும், நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வரும். அதை எடுக்காமல் விட்டால் முரசு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும். இதுதான் ஜிஞ்சிவைட்டிஸ், முரசு அழற்சி. பாதிப்பு முரசோடு நிற்கும், எலும்புக்கு ஒன்றும் ஆகாது. 1965இல் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய கூட்டமும் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கியது, திரும்பத் துலக்கத் தொடங்கி ஏறக்குறைய ஒரு கிழமையில் எல்லோருக்கும் ஆறியது.

பெரியோடொன்டைட்டிஸ் வேறு. அங்கே அழற்சி உள்ளே இறங்கி, பல்லை எலும்போடு கட்டியிருக்கும் நார்களையும் எலும்பையும் கரைக்கிறது. கரைந்த எலும்பு சாதாரணமாகத் திரும்ப வளராது, நோயை நிறுத்தத்தான் முடியும்.

முரசு அழற்சி வந்த எல்லோருக்கும் எலும்பு கரையுமா? இல்லை. இதைக் காட்டியதும் அதே லோதான், அதுவும் எங்கள் இலங்கையில், எங்கள் ஆட்களிடம். 1970 தொடக்கம் 15 வருசம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் இல்லாத ஆண்கள், எல்லோருக்கும் முரசில் வீக்கமும் படலமும், படலம் கல்லாக இறுகிய காரையும் இருந்தன. ஆனால் 11 சதவீதம் பேருக்கு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை, 81 சதவீதம் பேருக்கு மெதுவாக எலும்பு போனது, 8 சதவீதம் பேருக்கு வேகமாகப் போனது. நீங்கள் எந்தக் கூட்டம் என்று முரசைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது, அதனால்தான் அளவு.

படி 1: வீட்டில் பார்ப்பது

வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டை விலக்கிப் பாருங்கள். பற்களுக்கு நடுவே முரசு கூர்மையாக நிரம்பி இருக்கிறதா, அல்லது அங்கே கறுப்பு முக்கோணமாக இடைவெளி தெரிகிறதா? பல் முன்பைவிட நீளமாகத் தெரிகிறதா? முன்பல் விலகிப் போகிறதா, விரலால் அசைத்தால் ஆடுகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் எலும்பு போயிருக்க வாய்ப்புண்டு. சிவப்பும் வீக்கமும் இரத்தமும் மட்டும் என்றால் பெரும்பாலும் அழற்சிதான். ஆனால் நோ இல்லை என்பதை வைத்து ஒன்றையும் முடிவு செய்யாதீர்கள், பெரியோடொன்டைட்டிஸ் பல வருசம் நோவே இல்லாமல் போகும்.

புகைப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. புகையால் முரசின் இரத்தக் கசிவு குறையும், முரசு நல்லாயிருப்பது போலத் தெரியும், அடியில் எலும்பு போய்க்கொண்டிருக்கும். விட்டபிறகு இரத்தம் கூடினால் "விட்டதாலதான் வந்தது" என்று திரும்பத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வவுனியாப் பக்கம் கிணற்றுத் தண்ணியால் பல்லில் வரும் பழுப்புப் புள்ளிகள் புளோரைட்டால் வருபவை. முரசு நோயோடு அதைக் குழப்ப வேண்டாம்.

பிரஷ் படாமலே வாயில் இரத்தம் வடிந்தால், கூடவே காய்ச்சல், தோலில் சிவப்புப் புள்ளிகள் அல்லது கண்டல்கள் இருந்தால், பல் கிளினிக்குக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். மழைக்காலத்தில் டெங்கு முதலில் அப்படியும் தெரியலாம்.

படி 2: கிளினிக்கில் அளப்பது

மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை முரசுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்குவோம். ஒரு பல்லுக்கு ஆறு இடம். நல்ல முரசில் அது 1 முதல் 3 மில்லிமீற்றர்தான் இறங்கும், இரத்தம் வராது. தொட்ட இடங்களில் பத்துக்கு ஒன்றுக்கும் குறைவாகக் கசிந்தால் நலம் என்றே எழுதுவோம். 10 முதல் 30 சதவீத இடங்களில் கசிந்தால் சில இடத்து அழற்சி, அதற்கு மேல் என்றால் வாய் முழுக்க அழற்சி. முரசு அழற்சியைப் பிரிப்பது அவ்வளவுதான், அதற்கு ஸ்டேஜ் நம்பர் கிடையாது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மகளுக்குச் சில இடங்களில் கம்பி 4 மில்லிமீற்றர் இறங்கியது. எலும்பு போகவில்லை, வீங்கிய முரசு மேலே ஏறிப் பல்லை மூடியதால் ஆழம் கூடித் தெரிந்தது. தகப்பனின் கீழ்க் கடைவாய்ப் பல்லில், முரசுக்கும் பல்லுக்கும் நடுவே கம்பி இறங்கும் பையின் ஆழம் 6, அதோடு முரசே 1 மில்லிமீற்றர் கீழே இறங்கி வேர் தெரிந்தது. இரண்டையும் கூட்டினால் 7. பல்லின் வெள்ளை மேற்பகுதி முடிந்து வேர் தொடங்கும் கோட்டிலிருந்து பிடிப்பு எவ்வளவு விட்டுப் போயிருக்கிறது என்பதே இந்த 7. ஸ்டேஜ் சொல்ல எங்களுக்கு வேண்டியது இந்த எண், பையின் ஆழம் மட்டும் போதாது.

படி 3: ஸ்டேஜும் கிரேட்டும்

இப்போது பாவிக்கும் முறை 2017இல் சிக்காகோவில் கூடி முடிவாகி 2018இல் வெளியானது. மிக மோசமான இடத்தில், இரண்டு பல்லுக்கு நடுவே பிடிப்பு விட்ட அளவைப் பார்க்கிறது. 1 முதல் 2 மில்லிமீற்றர் என்றால் முதலாம் ஸ்டேஜ். 3 முதல் 4 என்றால் இரண்டாம் ஸ்டேஜ். 5 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாம் அல்லது நான்காம். மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் முக்கியமாக இழந்த பற்கள். இந்த நோயால் நான்கு வரை போயிருந்தால் மூன்றாம், ஐந்து அல்லது அதற்கு மேல் போய், கடித்துச் சாப்பிடவே முடியாதபடி கடி குலைந்திருந்தால் நான்காம். அண்ணைக்கு 7 மில்லிமீற்றர், ஏற்கெனவே இரண்டு பல் ஆடி விழுந்திருந்தது, அதனால் மூன்றாம் ஸ்டேஜ்.

ஸ்டேஜ் இதுவரை நடந்த சேதம், கிரேட் அது போகும் வேகம். எக்ஸ்ரேயில் மிக மோசமான பல்லில் எத்தனை சதவீத எலும்பு போயிருக்கிறது என்று பார்த்து வயதால் வகுப்போம். அவருக்கு 40 சதவீதம், வயது 46, விடை ஏறக்குறைய 0.87. 0.25க்குக் கீழே ஏ, 1.0 வரை பி, அதற்கு மேல் சி. இந்தக் கணக்கில் அவர் பி. ஆனால் அவருக்குச் சீனி வருத்தம், மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 8.4. அது 7 அல்லது அதற்கு மேல் என்றால் கிரேட் சிக்குத் தள்ளப்படும். ஒரு நாளைக்கு 10 சிகரட் அல்லது அதற்கு மேல் புகைத்தாலும் அப்படித்தான்.

படி 4: சிகிச்சை

மகளுக்குச் சுருக்கம். படிந்திருந்த காரையை ஒரே தடவையில் எடுத்து, மென்மையான பிரஷை முரசு ஓரத்தில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம் துலக்கக் காட்டினேன், பல் இடுக்குக்கு நூல். அவள் செய்துகொண்டிருந்த தவறு எல்லோரும் செய்வது: இரத்தம் வரும் இடத்தைப் பயந்து தொடாமல் விட்டுவிடுவது. முதல் சில நாள் இரத்தம் வரும், விடாமல் துலக்கினால் ஒரு கிழமை, இரண்டு கிழமையில் நிற்க வேண்டும். அவளுக்கு ஒன்பதாம் நாள் நின்றது. நிற்காவிட்டால் எங்கேயோ காரை மிச்சம் என்று அர்த்தம், அல்லது கர்ப்பம், இரத்த அழுத்தத்துக்குப் போடும் அம்லோடிபின் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிப்பவர்கள் அதை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தகப்பனுக்கு முதல் சிகிச்சை கத்தியும் ஊசியும் இல்லை. புகையிலை போட்ட வெத்திலையை நிறுத்தியது, சீனிக்கான கிளினிக்கில் மருந்தை மாற்றியது, இடைவெளிகளுக்குள் போகும் குட்டிப் பிரஷைப் பழக்கியது, இவைதான். வீட்டுப் பழக்கம் மாறாமல் உள்ளே சுத்தம் செய்தால் கிருமிகள் சில கிழமைகளில் திரும்பக் குடியேறும். பிறகுதான் மரக்க ஊசி போட்டு, ஒரு தடவைக்கு வாயின் ஒரு பக்கமாக, முரசுக்கு அடியில் வேரில் ஒட்டியிருந்த காரையைச் சுரண்டினோம்.

"ஊத்தை எடுத்தா பல்லு ஆடும் எண்டு சொல்லுறாங்களே?" என்று கேட்டார். ஆடியது பல்தான், காரணம் சுரண்டியது அல்ல. எலும்பு போன பிறகு பற்களைச் சீமெந்து போலக் கட்டி வைத்திருந்தது அந்தக் காரை, எடுத்ததும் உண்மை தெரியும். வீக்கம் இறங்கியதும் முரசு சுருங்கும், பல் நீளமாகத் தெரியும், குளிர்ந்த தண்ணி கூசும், இதை முதலே சொல்லிவிட வேண்டும். உப்புத் தண்ணி கொப்பளிப்பது இதமாக இருக்கும், படலத்தை எடுக்காது. பாமசியில் வாங்கும் கப்சியூலும் அப்படித்தான், காரை இருக்க மருந்து குடித்துப் பலனில்லை. 0.2 வீத குளோரெக்சிடின் கொப்பளிப்பு இரண்டு கிழமைக்கு உதவும், நீட்டித்தால் பல்லில் பழுப்பு ஏறும்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்தோம். முரசு ஆறி வர அவ்வளவு நாள் தேவை, முந்தி அளந்தால் தவறாக வாசிப்போம். 6ஆக இருந்த இடங்களில் பெரும்பாலானவை 4க்கு வந்திருந்தன, இரத்தம் வரவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரியும் இடத்துக்குக் கீழே ஒரு பை மட்டும் 6இலேயே நின்று கசிந்தது. அந்த மூலைக்குள் கருவி போகாது, முரசைத் திறந்துதான் பார்க்க வேண்டும், அதனால் விசேட நிபுணரிடம் அனுப்பினேன். மற்றவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகச் சொன்னேன்.

போகும்போது, "இந்த இடைவெளி மூடுமா டொக்டர்?" என்றார். மூடாது என்றேன். குட்டிப் பிரஷ் போக வசதியாக இருக்கிறது என்று அவரே சிரித்துவிட்டுப் போனார்.