அப்பா 168, அம்மா 154: பிள்ளையின் உயரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோரின் உயரத்தை வைத்துப் பிள்ளையின் உயரத்தைக் கணிப்பது எளிய கணக்குதான். பையன் என்றால் அப்பா, அம்மா உயரங்களைக் கூட்டி, அதோடு 13 சென்டிமீட்டர் சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் 13-ஐக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். ஆண்கள் பெண்களைவிடச் சராசரியாக இவ்வளவு உயரம் என்பதால் வந்த எண் அது. பையனுக்குக் கணக்குப் போடும்போது அம்மாவை ஓர் ஆணாக நினைத்து 13 கூட்டுகிறோம், அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்திருந்தால் முதல் தவறு வராது. பலர் முதலில் சராசரி எடுத்துவிட்டு, அப்புறம் 13-ஐச் சேர்க்கிறார்கள். அப்பா 168, அம்மா 154 என்றால் பையனுக்குச் சரியான விடை 335-இல் பாதி, அதாவது 167.5. வகுத்த பிறகு 13 சேர்த்தால் 174 வரும். சராசரிக்குப் பிறகு சேர்ப்பதாக இருந்தால் 6.5 மட்டுமே சேர்க்க வேண்டும்.

அடி, அங்குலத்தில் தொடங்குபவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது. 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எழுதிக் கால்குலேட்டரில் 30.48-ஆல் பெருக்கினால், அது 5.1 அடி என்றே எடுத்துக்கொள்ளும். 178 செ.மீ. இருக்கிற அப்பா 155 ஆகிவிடுவார், பிள்ளையின் கணிப்பில் 11 செ.மீ. காணாமல் போகும். அதைவிட, பெற்றோர் இருவரும் செருப்பில்லாமல் சுவரோரம் நின்று சென்டிமீட்டரிலேயே அளந்துகொள்வது நல்லது. வாயால் சொல்லும் உயரத்தில் ஓரிரண்டு சென்டிமீட்டர் தானாகக் கூடிவிடும். ஆண்களிடம் கொஞ்சம் அதிகமாகவே கூடும்!

சரி, 167.5 வந்துவிட்டது. பையன் அந்த உயரத்தில்தான் நிற்பான் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. இந்தக் கணக்கின் விடை ஓர் எண் அல்ல, ஒரு வரம்பு. இருபுறமும் சுமார் 8.5 செ.மீ. விட வேண்டும். இந்தப் பையனுக்கு 159 முதல் 176 வரை எதுவும் இயல்புதான். ஒரே பெற்றோருக்குப் பிறந்த அண்ணன் தம்பிக்குள் நல்ல வித்தியாசம்கூட இருக்கலாம் அல்லவா?

பெரிய குழப்பம் பிள்ளையின் இப்போதைய உயரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் வருகிறது. மேலே சொன்ன சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. அதை, வயதுக்கேற்ற உயரங்களைக் கோடுகளாகக் காட்டும் வளர்ச்சி வரைபடத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். நம் பையனுக்கு இப்போது 9 வயது, உயரம் 124 என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் அந்த வயதுப் பையன்களின் நடு உயரம் சுமார் 132.5. ஆகவே இவன் குள்ளமாகத் தெரிவான், 100 பேரைக் குட்டையானவரில் தொடங்கி உயரப்படி நிறுத்தினால் ஏழாவது எட்டாவது ஆளாக இருப்பான். வரைபடத்தில் இவன் நிற்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு 19 வயது வரை போனால் சுமார் 166-இல் முடிகிறது. பெற்றோர் கணக்கு சொன்ன வரம்புக்குள், நடுவுக்கு அருகிலேயே வருகிறது. வகுப்பில் குட்டையாக இருந்தாலும் இவன் தன் குடும்பத்துக்கு ஏற்றபடிதான் வளர்கிறான்.

இதே பையன் 115 செ.மீ. இருந்து, அவன் கோடு 159-க்கும் கீழே போய் முடிந்தால், "அப்பா அம்மாவும் குள்ளம்தானே" என்று விட்டுவிடக் கூடாது. பெற்றோரின் உயரக் குறைவு ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் மிஞ்சுகிற குறைவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். பெற்றோரே சிறுவயதில் நோயாலோ ஊட்டக்குறைவாலோ வளராமல் போயிருந்தால், அவர்கள் உயரத்தில் வந்த வரம்பையும் அப்படியே நம்ப முடியாது.

கோட்டைப் பிடித்துப் போகும் இந்த வழி பருவமடையும் வயதில் தடுமாறும். சீக்கிரம் பருவமடையும் பிள்ளை 11 வயதில் எல்லோரையும் தாண்டி நிற்கும், வரைபடம் ஆகாயத்தைக் காட்டும். ஆனால் எலும்பு முனைகளும் சீக்கிரமே மூடிக்கொண்டு வளர்ச்சி நின்றுவிடும். பெண்களுக்கு முதல் மாதவிடாய்க்குப் பிறகு சராசரியாக 5 முதல் 7 செ.மீ. வளர்ச்சிதான் மிச்சம். தாமதமாகப் பருவமடையும் பையன் நேர்மாறாக, 14 வயதில் பின்தங்கியிருந்து பிறகு எட்டிப் பிடிப்பான். இந்த வயதில் பிறந்த தேதியைவிட எலும்பின் வயது, அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது முக்கியம். இடது கை, மணிக்கட்டு எக்ஸ்-ரேயில் மருத்துவர் அதைப் பார்த்துச் சொல்வார்.

ஒரே ஓர் அளவை வைத்துக் கோடு போடுவதும் தவறுதான். ஒரே சுவரில், நாளின் ஒரே நேரத்தில், ஆறு மாத இடைவெளியில் அளந்து பாருங்கள். 4 வயதுக்குப் பிறகு பருவமடையும் வரை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வது வழக்கம். நம் 124 செ.மீ. பையன் ஓர் ஆண்டில் 3 செ.மீ. மட்டுமே கூடியிருந்தால், 166 என்ற கணிப்பை மறந்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.