கொசுவைப் பிடிக்கத் தட்டான் வளர்ப்போம்: ஒரு சிமெண்ட் தொட்டி போதும்

தட்டான் பறந்து பறந்து கொசு பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் பெரிய வேலையைச் செய்வது தண்ணீருக்குள் இருக்கும் அதன் குஞ்சுதான். தட்டான் குஞ்சு கொசுப்புழுவையும் தின்று வளர்கிறது. 1980களில் மியான்மரின் யாங்கோன் நகரில் வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரங்களில் இந்தக் குஞ்சுகளை விட்டு டெங்கு கொசுவைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் நானும் தொட்டி வைத்தேன்.

தொட்டி

மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் டப் வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும் என்பதால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்ட் தொட்டியைத்தான் சொல்வேன். புதுத் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் இறங்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி இரண்டு வாரம் ஊறவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், வாளியில் இரண்டு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் இருக்கும் தண்ணீரைத் தட்டான் அவ்வளவாகச் சீண்டாது.

அடியில் இரண்டு அங்குலம் மண் போட்டு ஒரு அல்லி, கொஞ்சம் கோரை நடுங்கள். ஆகாயத்தாமரையும் வெங்காயத்தாமரையும் வேண்டவே வேண்டாம். சில கொசுக்களின் புழுக்கள் அவற்றின் வேரில் ஒட்டிக்கொண்டே மூச்சு விடும். நான்கைந்து குச்சிகளைத் தண்ணீருக்கு மேல் ஓரடி நீட்டி நிற்கும்படி குத்தி வையுங்கள். குஞ்சு தட்டானாக மாறும் இரவில் ஏறி வர அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும்.

நான் தடுக்கி விழுந்த இடம்

நம் ஊர் வெயிலில் கொசு முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். தட்டான் வந்து முட்டையிட்டுக் குஞ்சு பெருக இரண்டு மாதம்கூட ஆகலாம். நடுவில் உள்ள நாட்களில் தொட்டி கொசுப்பண்ணைதான். எனக்கும் அப்படியே ஆனது. பயந்துபோய்க் கப்பி மீன் பத்து வாங்கிவிட்டேன். கொசுப்புழு ஒழிந்தது. ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் ஒரு தட்டான் குஞ்சுகூட இல்லை, தலைப்பிரட்டையும் இல்லை. சின்னதாக இருக்கும்போதே மீன் தின்றுவிடுகிறது. மீன் வேண்டுமென்றால் மீன் தொட்டி, தட்டான் வேண்டுமென்றால் தட்டான் தொட்டி. ஒரே தொட்டியில் இரண்டும் சரிவராது.

மீனை எடுத்துவிட்டு இரண்டாம் முறை இப்படிச் செய்தேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் டீ வடிகட்டியால் புழுக்களை அள்ளித் தரையில் கொட்டினேன். கமா போல வளைந்து துள்ளும் கூட்டுப்புழுவைக் கண்டால் அன்றைக்கே அள்ள வேண்டும், இரண்டு நாளில் அது பறந்துவிடும். அப்புறம், தெரிந்தவர் தோட்டத்துப் பழைய தொட்டியின் அடிமண்ணை ஒரு வாளி கேட்டு வாங்கி வந்து போட்டேன். அதில் ஏழெட்டுக் குஞ்சுகள் இருந்தன. பழுப்பு நிறம், ஆறு கால், தட்டையான உடம்பு. தொட்டால் பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சிச் சட்டென்று முன்னே பாயும்.

ஐப்பசி மழைக்குப் பின் சுவர் நிறத்திலேயே இருக்கும் சாம்பல் தட்டான் வந்து, வாலால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டது. தை மாதம் குச்சியில், தட்டான் உரித்துப் போட்ட முதல் காய்ந்த கூடு ஒட்டியிருந்தது. தொட்டி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

தவளையும் சிலந்தியும்

தண்ணீர் இருந்தால் தவளையும் தேரையும் வரும். தொட்டிக்கு உள்ளே செங்கற்களைப் படிபோல அடுக்குங்கள். இல்லாவிட்டால் விழுந்த தேரை ஏற முடியாமல் செத்துவிடும். நிழலான மூலையில் உடைந்த பானையைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வாசல் விட்டுப் பாதி புதைத்தால் தேரை பகலில் அங்கே தங்கும். அது கொசுவை அதிகம் பிடிக்காது. கறையான், எறும்பு, வண்டுகள்தான் அதன் சாப்பாடு.

தோட்டத்துப் பூச்சிகளைப் பிடிக்கும் சிலந்திக்கு நாம் செய்ய வேண்டியது, கத்தரி, வெண்டைப் பாத்தியில் வைக்கோல் மூடாக்கு போடுவதும் செடிகளுக்கு நடுவே உள்ள வலையைக் கலைக்காமல் இருப்பதும்தான். பூச்சிமருந்து அடித்தால் பூச்சிக்கு முன்னால் சிலந்திதான் போகும். பூவில் உட்காரும் பச்சைச் சிலந்தி தேனீயையும் பிடிக்கும். அதற்காக அதை விரட்ட வேண்டாம்.

பின்சேர்க்கை

இரண்டு பேர் பாம்பு வராதா என்று கேட்டிருந்தார்கள். தவளை இருந்தால் தண்ணீர்ப்பாம்பு வரலாம். அதற்கு விஷமில்லை. ஆனாலும் தொட்டியை வாசலிலிருந்து தள்ளி வையுங்கள், சுற்றிலும் புல்லை வெட்டி வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

இன்னொருவர் தொட்டி வைத்தும் பகலில் கொசு கடிக்கிறது என்றார். அவர் வீட்டில் பூந்தொட்டித் தட்டிலும் ஃபிரிட்ஜ் பின்னாலுள்ள தட்டிலும் தண்ணீர் நின்றிருக்கிறது. டெங்கு கொசுவுக்கு அவ்வளவு தண்ணீரே போதும், அங்கே எந்தத் தட்டானும் போகாது. வாரம் ஒருமுறை அவற்றைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் பிழைத்திருக்கும்.