நான்கு டம்ளர் காபிக்கு எவ்வளவு பொடி, எவ்வளவு தண்ணீர்? ஃபில்டர் டிகாக்‌ஷன் கணக்கு

ஃபில்டர் காபி போடப் பழகுகிறவர்களில் பலர், நான்கு பேருக்கு ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் வேண்டுமென்றால் ஃபில்டரிலும் ஒரு டம்ளர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள். கீழே அதில் பாதிதான் இறங்குகிறது. போதவில்லையே என்று மறுபடி வெந்நீர் ஊற்றுகிறார்கள். இரண்டாவதாக இறங்குவது வெளிறிப்போய், முதலில் இறங்கியதையும் கெடுத்துவிடுகிறது. பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதைக் கணக்கில் சேர்க்காததுதான் காரணம். 40 கிராம் பொடி போட்டால் 80 மில்லி தண்ணீர் அதிலேயே தங்கிவிடும், கீழே வரவே வராது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எத்தனை பேருக்கும் தடுமாறாமல் காபி போடலாம்.

முதல் படி: டம்ளரை அளப்பது

உங்கள் வீட்டு டம்ளரில் நீங்கள் வழக்கமாகக் காபி ஊற்றும் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, அதை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். பல வீடுகளில் 150 மில்லிக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 40 மில்லி டிகாக்‌ஷன். மீதி 110 மில்லி பால். கெட்டி டிகாக்‌ஷனுக்கு ஏற்ற விகிதம் இது.

இரண்டாம் படி: கணக்கு

டிகாக்‌ஷன் எத்தனை மில்லி வேண்டுமோ, அதில் கால் பங்கு எண்ணிக்கையில் கிராம் பொடி எடுங்கள். 40 மில்லிக்கு 10 கிராம். தண்ணீர், வேண்டிய டிகாக்‌ஷனோடு பொடியின் எடையில் இரண்டு மடங்கைக் கூட்டினால் வருவது:

```
தண்ணீர் = டிகாக்‌ஷன் + (2 × பொடி)
```

நான்கு டம்ளருக்குப் போட்டுப் பார்ப்போம். டிகாக்‌ஷன் 4 × 40, அதாவது 160 மில்லி. பொடி 40 கிராம். தண்ணீர் 160 + 80, ஆக 240 மில்லி. பால் 440 மில்லி. ஆறு டம்ளர் என்றால் பொடி 60 கிராம், தண்ணீர் 360 மில்லி. ஒரு டம்ளருக்கு 10 கிராம் பொடி, 60 மில்லி தண்ணீர் என்று நினைவில் வைத்தால் எண்ணிக்கையால் பெருக்கிக்கொண்டே போகலாம்.

தராசு இல்லாதவர்கள் ஒரு டம்ளருக்கு மேசைக்கரண்டியால் தலைதட்டி இரண்டு கரண்டி பொடி போடுங்கள். 10 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். குவித்து அள்ளும் கரண்டியை நம்பவேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எடை வரும்.

மூன்றாம் படி: ஃபில்டர் இந்த அளவுக்குப் பொருந்துமா?

கணக்கு சரியாக இருந்தும் காபி சப்பென்று போவது இங்கேதான். 7 செ.மீ. அகலமுள்ள ஃபில்டரில் 40 கிராம் பொடி ஏறக்குறைய 3 செ.மீ. உயரம் நிற்கும். அந்த உயரத்தைக் கடந்து வரும்போதுதான் தண்ணீருக்குச் சாரத்தை இழுக்க நேரம் கிடைக்கிறது. அதே ஃபில்டரில் ஒருவருக்கு மட்டும் 10 கிராம் போட்டால் பொடி 1 செ.மீ. கூட நிற்காது, தண்ணீர் சரசரவென்று ஓடிவிடும். பொடி 2 செ.மீ.க்குக் குறையுமானால் சிறிய ஃபில்டரை எடுங்கள்.

பெரிய அளவில் போடும்போது கீழ்ப்பாத்திரத்தைக் கவனிக்க வேண்டும். இறங்கும் டிகாக்‌ஷன் மேல்பாத்திரத்தின் அடியைத் தொட்டுவிட்டால் சொட்டுவது நின்றுவிடும். கீழ்ப்பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, மேல்பாத்திரத்தின் அடி எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபில்டர் அதிகபட்சம் எத்தனை டம்ளருக்குத் தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

நான்காம் படி: இறக்குவது

மேல்பாத்திரம் ஈரமில்லாமல் இருக்கவேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொடியைப் போட்டு, பாத்திரத்தை இரண்டு தட்டுத் தட்டினால் மட்டமாக அமர்ந்துவிடும். குடை போன்ற துளைத்தட்டை அதன் மேல் வையுங்கள். சிக்கரி கலந்த பொடியை அழுத்தவே வேண்டாம். நனைந்ததும் அது தானாகவே நெருங்கிக்கொள்ளும்.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இறக்கி அரை நிமிடம் பொறுங்கள். கொதிக்கும்போது ஆவியாகக் குறையும் என்பதால் சற்றுக் கூடுதலாக வைத்து, ஊற்றும்போது அளந்துகொள்வது நல்லது. 240 மில்லியில் முதலில் 60 மில்லியை மட்டும் தட்டின் மேல் சுற்றிலும் ஊற்றுங்கள். புதிதாக வறுத்து அரைத்த பொடியானால் நுரைத்துக் குமிழி விடும். அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூடிவிடுங்கள். மேலே ஒரேயடியாக இடம் போதாவிட்டால், பாதி இறங்கியதும் மிச்சத்தை ஊற்றலாம்.

இறங்கும் நேரத்தை வைத்தே பொடியைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். இருபது நிமிடத்திலிருந்து அரை மணி வரை ஆனால் சரியான அரைப்பு. ஐந்து நிமிடத்தில் முழுவதும் இறங்கிவிட்டால் பொடி கொரகொரப்பு; அடுத்த முறை இன்னும் நைசாக அரைத்துக் கேளுங்கள். சொட்டே விழாமல் நின்றுபோனால் உடனே பொடியைக் குறை சொல்லிவிடாதீர்கள். இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தி, கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமலும் இருக்கலாம். மேல்பாத்திரத்தை இலேசாகத் திருகித் தளர்த்தினால் சொட்ட ஆரம்பிக்கும். அப்படியும் விழவில்லையென்றால் பொடி மிக நைசு, அல்லது துளைகள் அடைத்திருக்கின்றன.

சுவைக்கு ஏற்ப மாற்றுவது

இறங்கியதை அளந்து பாருங்கள். 160 மில்லிக்கு ஐந்து பத்து மில்லி கூடக்குறைய இருந்தால் கவலையில்லை. குடித்துப் பார்த்து காபி இன்னும் தூக்கலாக வேண்டுமென்றால் பொடியைக் கூட்டுங்கள். தண்ணீரை அப்படியே விட்டுவிடாதீர்கள். டம்ளருக்கு 12 கிராம் என்று வைத்தால் நான்கு டம்ளருக்கு 48 கிராம், தண்ணீர் 160 + 96, அதாவது 256 மில்லி.

நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வரவேண்டாம். சிக்கரி, காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும். அதனால் சிக்கரி கூடிய பொடியில் டிகாக்‌ஷன் கருகருவென்று கெட்டியாகத் தெரியும், ஆனால் காபியின் மணம் குறைவாக இருக்கும். தொடக்கத்தில் 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி கலந்த பொடியில் இந்தக் கணக்கைப் பழகுவது எளிது.

டிகாக்‌ஷன் ஆறிப்போனால் அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். கசப்பேறி மணம் போய்விடும். பால் பொங்கச் சுட இருந்தாலே போதும். இல்லையென்றால் கீழ்ப்பாத்திரத்தை வெந்நீரில் சற்று நேரம் வையுங்கள்.

நான்கு பேருக்கு இறக்கிய பிறகு ஐந்தாவதாக ஒருவர் வந்துவிட்டால், பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றிச் சமாளிக்கத் தோன்றும். அதைவிட, இருக்கும் 160 மில்லியை ஐந்தாகப் பிரித்து, ஆளுக்கு 32 மில்லி டிகாக்‌ஷனும் 88 மில்லி பாலும் சேர்த்து 120 மில்லி காபியாகக் கொடுங்கள். டம்ளரில் மட்டம் கொஞ்சம் இறங்கும், ருசி இறங்காது.