டீசல் பிக்கப்பில் தண்ணீர் வடிப்பது எப்படி? சின்ன பங்க் டீசல் போடுபவர்கள் எப்போதெல்லாம் வடிக்க வேண்டும்?

டேஷ்போர்டில் ஃபில்டர் படத்துக்குக் கீழே துளி போல ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். அது எரிந்தால் வாட்டர் செப்பரேட்டரில் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று பொருள். பலர் அந்த விளக்கு எரியும்வரை அந்தப் பக்கமே திரும்புவதில்லை. பெரிய பங்கில் மட்டும் டீசல் போடுபவருக்கு அது ஓரளவு சரிப்படும். ஊருக்கு வெளியே, நாளைக்கு நாலு டிராக்டரும் இரண்டு லோடு வண்டியும் வருகிற பங்கை நம்பி ஓட்டுபவருக்குச் சரிப்படாது. அங்கே டீசல் மெதுவாகத்தான் விற்கும். நிலத்தடி டேங்கின் மூடி வழியாக மழைத்தண்ணீர் இறங்கினாலும், உள்ளே ஈரம் வியர்த்தாலும் அது அடியிலேயே நாள்கணக்கில் தங்கும்.

டீசலைவிடத் தண்ணீர் கனம். செப்பரேட்டரின் வேலையே இதை நம்பித்தான் நடக்கிறது: ஃபில்டர் தாளில் மோதும் சின்னத் துளிகள் ஒன்று சேர்ந்து பெரிதாகி, அடிக்கிண்ணத்தில் இறங்கிவிடும். கிண்ணம் நிறைந்து வழிந்தால் தண்ணீர் ஹை பிரஷர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். காமன் ரெயில் வண்டியில் பம்பின் உள்பாகங்களுக்கு டீசல்தான் எண்ணெய். அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் உரசலும் துருவும் சேர்ந்துகொள்ளும், செலவு ஃபில்டரோடு நிற்காது.

வடிக்கும் முறை

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். இரவு முழுக்க நின்றதால் தண்ணீர் நன்றாக அடியில் இறங்கியிருக்கும், என்ஜினும் ஆறியிருக்கும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

பானெட்டைத் திறந்து, டீசல் குழாய்கள் வந்து சேரும் உருளையைத் தேடுங்கள். சில வண்டிகளில் அது சேஸிஸ் ஓரமாக, டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும். அடியில் பிளாஸ்டிக் திருகு ஒன்று தெரியும், அதுதான் டிரெய்ன் பிளக். பல வண்டிகளில் அதிலேயே சென்சார் ஒயரும் வரும், முறுக்கும்போது அது சுற்றி இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்துவிட்டு, அடியில் வாய் அகலமான கண்ணாடி பாட்டிலைப் பிடியுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், உள்ளே என்ன வந்தது என்று பார்ப்பதுதான் பாதி வேலை. பெல்ட்டிலும் ரப்பர் குழாயிலும் டீசல் படாமல் கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

பிளக்கை இடப்பக்கமாகக் கையால் இரண்டு சுற்று தளர்த்தினால் போதும். முழுக்கக் கழற்றினால் டீசல் கையெல்லாம் வழியும், வாஷரும் தொலையும். தளர்த்தியும் ஒன்றும் வரவில்லையா? மேலே காற்று போக வழி இல்லாததால் உள்ளே பிடித்து நிற்கிறது. ஃபில்டர் தலையிலோ குழாயிலோ உள்ள கைப்பம்பை நாலைந்து முறை அழுத்துங்கள், ஒழுகத் தொடங்கும். முதலில் தண்ணீர் வரும், பிறகு டீசல் வரும். சுத்தமான டீசல் வர ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம்.

பிளக்கைக் கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை வீணாகும். பிறகு கைப்பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்துங்கள். கைப்பம்பு இல்லாமல் டேங்கில் மின் பம்பு உள்ள வண்டியானால், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் சில விநாடி வைத்து ஆஃப் செய்யுங்கள், இரண்டு மூன்று முறை. பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பிடிக்கவில்லையென்றால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றாமல் மறுபடி பம்பு அடியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, பிளக் அடியில் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

பாட்டிலில் என்ன பார்ப்பது

பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் ஒரு கோடு பிரியும். இப்போதைய டீசல் வெளிர் நிறம் என்பதால் கோடு சில நேரம் கண்ணுக்குப் படாது. அப்போது நீல இங்க் ஒரு துளி விடுங்கள். டீசல் வழியாக அது உருண்டையாகவே இறங்கும். அடியில் தண்ணீர் இருந்தால் அங்கே உடைந்து நீலமாகப் பரவும். இல்லையென்றால் மணி போல அப்படியே கிடக்கும். பால் போலக் கலங்கியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். கறுப்பாக வழவழவென்று சளி போல வந்தால் அது கிருமி வளர்ச்சி. வடித்தால் மட்டும் தீராது, டேங்கைக் கழுவி ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள இடைவெளி நல்ல டீசலை நினைத்து எழுதியது. சின்ன பங்குக்கு என் கணக்கு 1,000 கிலோமீட்டரில் தொடங்கும், பிறகு பாட்டில் சொல்கிறபடி மாறும்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் 83 லிட்டர், எடையில் 70 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. BS-6 டீசலில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரைதான் தண்ணீர் இருக்கலாம். அப்படியானால் இத்தனை டீசலிலும் சேர்த்து உச்சமாக 14 மில்லி. அதிலும் ஒரு பகுதி டீசலில் கரைந்தே இருக்கும், கிண்ணத்தில் இறங்காது. எனவே நல்ல டீசலென்றால் சில துளியோ இரண்டு மூன்று மில்லியோதான் பாட்டிலில் வர வேண்டும்.

இந்த வண்டியில் ஐப்பசி மழையில் 25 மில்லி வருகிறது என்று வையுங்கள். அனுமதித்த மொத்த அளவையே தாண்டிவிட்டது. இடைவெளியைப் பாதியாக்கி 500 கிலோமீட்டருக்கு வடியுங்கள். கூடவே யார் மேல் தப்பு என்று பார்க்க வேண்டும். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் உங்கள் வண்டியிலேயே இறங்கியிருக்கலாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மூடி நன்றாக இருந்தால் அடுத்த 1,000 கிலோமீட்டருக்கு வேறு பங்கில் மட்டும் போட்டு ஓட்டி, 500-க்கு ஒருமுறை வடித்துப் பாருங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் பழைய பங்குதான் காரணம். அடுத்தடுத்து இரண்டு முறை சில துளி மட்டும் வந்தால் 2,500 கிலோமீட்டருக்கு நீட்டலாம், புத்தகத்தில் சொன்ன இடைவெளியைத் தாண்ட வேண்டாம். மழைக்காலத்தில் நான் 1,000-க்கு மேல் நீட்டுவதில்லை.

வடித்த கையோடு விளக்கு மறுபடி எரிந்தால் இன்னொரு முறை வடியுங்கள். அப்போதும் தண்ணீர் கொட்டினால் டேங்கிலேயே நிறைய இருக்கிறது. ஓட்டாமல் கட்டி இழுத்துப்போய் டேங்கைக் காலி செய்யுங்கள். தண்ணீரே வராமல் விளக்கு மட்டும் எரிந்தால் சென்சாரையோ அதன் ஒயரையோ பார்க்க வேண்டும்.

பங்கில் டேங்கர் இறக்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு டீசல் போடாதீர்கள். மேலிருந்து விழும் டீசல் அடித் தண்ணீரைக் கலக்கிவிடும், தெளிய நேரமாகும். சந்தேகம் இருந்தால் டிப் ராடில் வாட்டர் பேஸ்ட் தடவி அளந்து காட்டச் சொல்லலாம், தண்ணீர் தொட்ட இடம்வரை பேஸ்டின் நிறம் மாறும். வடித்ததைத் திரும்ப டேங்கில் ஊற்றாமல், ஒர்க் ஷாப்பில் கழிவு ஆயில் சேர்க்கும் பீப்பாயில் கொட்டிவிடுங்கள்.