விபிஎன்னுக்குச் சான்றிதழும் குறியீடும் வைக்கும்போது விடக்கூடாத பிழைகள்

எங்கள் அலுவலகம் மட்டக்களப்பு நகரில் இருக்கிறது. வெளிக்கள உத்தியோகத்தர்கள் 11 பேர். வாகரையில் இரண்டு பேர், படுவான்கரைப் பக்கம் மூன்று பேர், தெற்கே திருக்கோவிலிலும் பொத்துவிலிலுமாக ஆறு பேர். பயனாளிகள் பட்டியலும் கணக்குகளும் நகரத்துச் சேவரில்தான் கிடக்கின்றன. அவர்கள் ஓப்பன்விபிஎன் என்ற மென்பொருள் வழியாக, இணையத்திலிருந்து சேவருக்குள் வந்து வேலை செய்வார்கள். முன்பெல்லாம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும்தான். ஒருநாள் சேவரின் லொக்கைத் திறந்து பார்த்தால், எங்களிடம் இல்லவே இல்லாத பெயர்களில் யாரோ இரவிரவாகக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கடவுச்சொல்லை விட்டுவிட்டு, லப்டொப்பில் ஒரு சான்றிதழ், போனில் 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும் 6 இலக்கக் குறியீடு என்று மாறினோம்.

மாற்றியது ஒரே பின்னேரத்தில். அதில் நான் விட்ட பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே வர ஏழு மாதம் எடுத்தது.

முதல் பிழை சோம்பேறித்தனம். 11 பேருக்கு 11 சான்றிதழ் செய்யாமல் ஒன்றையே செய்து, அந்த `.ovpn` கோப்பை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அந்தக் கோப்பைக் குறிப்பேட்டில் திறந்து பார்த்தால் கீழே `<key>` என்று ஒரு பகுதி இருக்கும். அதுதான் தனித்திறவுகோல். அதைக் குழுவில் போடுவது, வீட்டுத் திறப்பை வெட்டி எல்லார் போனிலும் ஒட்டிவிட்டதற்குச் சமம். வேலையை விட்டுப் போனவரின் போனிலும் அது கிடக்கும்.

போட்ட அன்றே ஒரு கோளாறு. திருக்கோவிலில் ஒருவர் உள்ளே வந்தால் வாகரையில் இருப்பவர் வெளியே விழுவார். ஒரே பெயருள்ள சான்றிதழோடு இரண்டாமவர் வந்தால் சேவர் முதலாமவரைத் துண்டித்துவிடும். அது இயல்பு. இணையத்தில் தேடினேன், `duplicate-cn` என்ற ஒரு வரியைச் சேர்த்தால் சரியாகும் என்று இருந்தது. சேர்த்தேன், சரியாகியது. உண்மையில் அந்தத் துண்டிப்புத்தான் என் பிழையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயைக் கட்டிவிட்டேன்.

பெப்ரவரி 2ஆம் திகதி, பொத்துவிலிலிருந்து வந்த பஸ்ஸில் ஒருவருடைய பை தொலைந்தது. உள்ளே லப்டொப். சரி, குறியீடு போனில்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவரிடம் கேட்டேன். "இல்ல சேர், போன எடுத்து எடுத்துப் பார்க்கிறது கரைச்சல் என்டு பிரவுசர்லேயே அத போட்டுட்டன்" என்றார். சான்றிதழும் குறியீடும் ஒரே பையில் போய்விட்டன. இரண்டு பூட்டு வைத்து இரண்டு திறப்பையும் ஒரே கயிற்றில் கட்டிய கணக்கு. லப்டொப்பில் விபிஎன் என்றால் குறியீடு போனில் இருக்க வேண்டும். போனிலேயே விபிஎன் பாவிப்பவருக்குக் குறியீடு வேறொரு கருவியில் இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் திறவுகோலுக்காவது ஒரு கடவுச்சொல் போட வேண்டும். `nopass` என்று செய்த திறவுகோல், கோப்பு கையில் கிடைத்தவருக்கெல்லாம் வேலை செய்யும்.

சான்றிதழை அன்றே ரத்துச் செய்தேன். ஒரே சான்றிதழ் என்பதால் 11 பேரும் வெளியே. அடுத்த இரண்டு நாளும் ஆளுக்கொரு சான்றிதழ் செய்து, வந்தவர்களுக்கு என் மேசையில் வைத்தும், வராதவர்களுக்கு நானே போயும் ஏற்றிக் கொடுத்தேன். `duplicate-cn` வரியை அழித்தேன்.

இனிப் பிரச்சினை இல்லை என்று இருந்தபோது, ஒரு சந்தேகத்தில் சும்மா ஒரு சோதனை செய்தேன். என் லப்டொப்பில் என் சான்றிதழ். பயனர் பெயர் என்ற இடத்தில் என்னுடன் வேலை செய்யும் தம்பியின் பெயரை அடித்து, அவனுடைய போனிலிருந்த குறியீட்டைப் போட்டேன். உள்ளே விட்டது! சான்றிதழ் சரியா என்று சேவர் ஒரு பக்கம் பார்க்கிறது, குறியீடு சரியா என்று இன்னொரு பக்கம் பார்க்கிறது. இரண்டும் ஒரே ஆளுடையதா என்று யாரும் பார்க்கவில்லை. ஒருவரின் தொலைந்த லப்டொப்பும், வேறொருவர் போனில் ஏமாந்து வாசித்துக் கொடுத்த குறியீடும் சேர்ந்தால் போதும்.

நாங்கள் குறியீட்டைச் சரிபார்ப்பது பாம் எனப்படும் லினக்ஸின் உள்நுழைவுச் சரிபார்ப்பு முறை வழியாக. அப்படியானால் தீர்வு ஒரே சொல்லில் இருக்கிறது. ஆள் அடிக்கும் பெயரான `USERNAME` இருந்த இடத்தில், சான்றிதழில் எழுதியிருக்கும் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும்:

```
plugin openvpn-plugin-auth-pam.so "openvpn login COMMONNAME verification PASSWORD"
```

இப்போது பெயர்ப் பெட்டியில் யார் என்ன அடித்தாலும், சான்றிதழில் எவர் பெயர் உள்ளதோ அவருடைய குறியீட்டைத்தான் சேவர் எதிர்பார்க்கும். இதற்குச் சான்றிதழில் உள்ள பெயரும் சேவரில் உள்ள பயனர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதே சோதனையைத் திரும்பச் செய்து, வெளியே தள்ளுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

அதே பாம் கோப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. எல்லாரும் குறியீட்டுக்கு மாறும்வரை தற்காலிகமாக `nullok` போடுவோம். குறியீடு இன்னும் பதியாதவரைத் தடுக்காமல் விடு என்பது அதன் பொருள். கூடவே `pam_permit.so` என்று ஒரு `auth` வரியும் சேர்த்திருப்போம், இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. தற்காலிகம் என்று போட்டது அப்படியே கிடக்கும். புதிதாக ஒரு சான்றிதழ் செய்து, குறியீடு பதியாமலே நுழைந்து பாருங்கள். உள்ளே விட்டால் உங்களிடம் இருப்பது ஒரு பூட்டுத்தான்.

அப்புறம் வந்தது முறைப்பாடு. எங்கள் கணக்காளர் அக்கா வெள்ளாவெளியிலிருந்து அழைத்தார். "தம்பி, மணித்தியாலத்துக்கு ஒருக்கா இது விழுந்து விழுந்து எழும்புது. சிக்னல் நல்லாத்தான் இரிக்கு." நான் முதலில் சிக்னலைத்தான் குறை சொன்னேன். ஆனால் சிக்னல் கடிகாரம் பார்த்து விழாது. லொக்கைப் பார்த்தால் 9.10க்கு நுழைந்தவர் 10.10க்கு விழுகிறார், 10.14க்கு நுழைந்தவர் 11.14க்கு.

ஓப்பன்விபிஎன் இயல்பாக 3600 செக்கனுக்கு ஒருமுறை திறவுகோல்களைப் புதுப்பிக்கும். அப்போது பெயரையும் கடவுச்சொல்லையும் திரும்பக் கேட்கும். கடவுச்சொல் மட்டும் இருந்த காலத்தில் மென்பொருள் நினைவில் வைத்திருந்ததையே கொடுத்துவிடும், ஆளுக்குத் தெரியாது. இப்போது அது நினைவில் வைத்திருப்பது ஒரு மணித்தியாலம் பழைய குறியீடு. சேவர் மறுத்துவிடுகிறது.

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம் `reneg-sec 0`. நான் அதைப் போட மாட்டேன். புதுப்பிக்கும் நேரத்தில்தான் சேவர், ரத்துச் செய்த சான்றிதழ்களைக் குறித்து வைக்கும் ரத்துப் பட்டியலையும் திரும்பப் பார்க்கிறது. புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டால், ரத்துச் செய்யப்பட்ட சான்றிதழோடு உள்ளே இருக்கும் ஆள், தானாக விழும்வரை உள்ளேயே இருப்பார். சேவரில் இந்த ஒரு வரி போதும்:

```
auth-gen-token 43200
```

முதல் தடவை குறியீடு சரியானதும் சேவர் ஒரு தற்காலிகச் சீட்டு கொடுக்கும். அடுத்த 12 மணித்தியாலத்துக்குப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்தச் சீட்டே செல்லும். சேவரை நிறுத்தித் தொடக்கினால் பழைய சீட்டுகள் செல்லாது, எல்லாரும் புதிதாகக் குறியீடு போட வேண்டும். அதனால் வேலை நேரத்தில் அதில் கை வைக்காதீர்கள்.

ரத்துப் பட்டியல் என்றேன். அதில்தான் எனக்குப் பெரிய அடி. ஓகஸ்ட் 2ஆம் திகதி காலை எட்டரைக்குள் ஏழு அழைப்புகள். ஒருவராலும் நுழைய முடியவில்லை. லொக்கில் எல்லாருக்கும் ஒரே வரி:

```
VERIFY ERROR: depth=0, error=CRL has expired
```

யாருடைய சான்றிதழும் காலாவதியாகவில்லை. காலாவதியானது பட்டியல். நாங்கள் சான்றிதழ் செய்யப் பாவிக்கும் ஈசி-ஆர்எஸ்ஏ என்ற கருவி செய்யும் பட்டியலுக்கு, நாமாக மாற்றாவிட்டால், 180 நாள்தான் ஆயுள். பெப்ரவரி 2இல் பை தொலைந்த அன்று செய்தது, ஓகஸ்ட் 1உடன் முடிந்தது. முடிந்த பட்டியலை நம்பி ஓப்பன்விபிஎன் ஒருவரையும் உள்ளே விடாது. அந்த நேரத்தில், பட்டியலைப் பார்க்கச் சொல்லும் `crl-verify` வரியை வெட்டிவிடத்தான் கை பரபரக்கும். வெட்டினால் தொலைந்த லப்டொப்பின் சான்றிதழும் உயிர்பெற்றுவிடும். புதுப் பட்டியல் செய்வது இரண்டு நிமிட வேலை:

```
./easyrsa gen-crl
cp pki/crl.pem /etc/openvpn/server/
chmod 644 /etc/openvpn/server/crl.pem
openssl crl -in /etc/openvpn/server/crl.pem -noout -nextupdate
```

கடைசி வரி அடுத்த காலாவதித் திகதியைக் காட்டும். மூன்றாவது வரியை விட்டால், குறைந்த உரிமையோடு ஓடும் ஓப்பன்விபிஎன்னால் கோப்பை வாசிக்க முடியாமல் போகலாம். இன்னொன்று: `./easyrsa revoke` மட்டும் அடித்துவிட்டு எழும்பிப் போனால் ஒன்றுமே நடந்திருக்காது. பட்டியலைப் புதிதாகச் செய்து சேவர் பார்க்கும் இடத்தில் வைத்தால்தான் ரத்து. பட்டியலில் ஒப்பமிடத் தேவையான எங்கள் மூலத் திறவுகோல் அலுமாரியில் பூட்டிய ஒரு யூஎஸ்பியில் இருப்பதால் இதைத் தானியங்கியாக விட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு திகதியைச் சுவர்க் கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

மிச்சம் கடிகாரம். ஒருமுறை இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. விடிய வந்ததும் சேவர் எழும்பியது, ஆனால் எல்லாச் சான்றிதழையும் `certificate is not yet valid` என்று தள்ளியது. பலகையில் உள்ள சிறிய பற்றரி செத்து, திகதி பல வருடம் பின்னால் போயிருந்தது. குறியீடும் நேரத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பதால் அதுவும் பொருந்தாது. பற்றரியை மாற்றி, `timedatectl` அடித்து, நேரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன்.

சேவர் சரியான பிறகும் செங்கலடியில் ஒருவருக்கு மட்டும் குறியீடு எப்போதும் பிழை. சான்றிதழ் சரி, பெயர் சரி. போனை வாங்கிப் பார்த்தால் நேரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. காலை பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று அவரே கூட்டி வைத்தது. எங்கள் சேவர் முன்னுக்கும் பின்னுக்கும் 30 செக்கன்தான் பொறுக்கும். தானியங்கி நேரத்தைப் போட்டுக் கொடுத்ததும் முதல் தடவையிலேயே உள்ளே விட்டது. பஸ்ஸுக்காக இப்போது வீட்டுச் சுவர் மணிக்கூட்டைக் கூட்டி வைத்திருக்கிறாராம்.